பெட்டியில் உள்ளதா, வீட்டில் நடப்பதா: சிசிடிவிக்கும் ரவுட்டருக்கும் விற்பனை விவரம் எழுத இரண்டு வழிகள்

சிசிடிவி கேமராவையோ வைஃபை ரவுட்டரையோ ஆன்லைனில் விற்பனைக்குப் போடும்போது, விவரம் எழுத இரண்டு வழிகள் உண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே எடுத்துப் போடலாம். இல்லையென்றால், வாங்குபவர் வீட்டில் அது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டு எழுதலாம். ஒரே கேமராவை இரண்டு வழியிலும் எழுதிப் பார்ப்போம்: 1080பி வைஃபை கேமரா, 2.8 மி.மீ. லென்ஸ், 128 ஜிபி வரை மெமரி கார்டு.

பெட்டி சொல்வது: "இரவுப் பார்வை 30 மீட்டர்." இது அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரம். முகம் தெரியும் தூரம் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். படத்தின் அகலம் 1920 புள்ளிகள். இந்த லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை விரிவாகப் பார்க்கும். அதனால் 3 மீட்டர் தூரத்தில் சுமார் 7 மீட்டர் அகலம் படத்தில் விழுகிறது, மீட்டருக்கு 270 புள்ளிகள் கிடைக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரம். ஆக, 3 மீட்டர் தாண்டினால் அந்நியரின் முகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. தெரிந்தவர் என்றால் 6 மீட்டர் வரை கண்டுபிடிக்கலாம். 30 மீட்டரில் யாரோ நடமாடுவது மட்டும் தெரியும். இது பகல் கணக்கு, இரவில் இன்னும் குறையும்.

இரண்டாவது வழியில் எழுதினால் இப்படி வரும்: "பகலில் வாசலில் நிற்பவரின் முகம் 3 மீட்டர் வரை தெளிவாகத் தெரியும். கேட் அதைவிடத் தள்ளி இருந்தால் 4 மி.மீ. லென்ஸ் மாடலைப் பாருங்கள்." இதில் விற்பனை கொஞ்சம் குறையலாம், ஆனால் திரும்பி வரும் பார்சலும் குறையும்.

ரவுட்டரின் வீச்சை இப்படிக் கணக்கிட முடியாது. கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் வீட்டுக்கு வீடு மாறும். "மூன்று படுக்கையறை வீடு முழுக்க" என்று எழுதுவதைவிட, ஒரு வீட்டில் வைத்து அளந்து, கீழ்த்தள ஹாலில் எவ்வளவு வேகம், மாடி அறையில் எவ்வளவு வேகம் என்று எழுதுவதே நேர்மை. "1200 எம்பிபிஎஸ்" என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300ஐயும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867ஐயும் கூட்டி, வரும் 1167ஐ முழு எண்ணாக உயர்த்திப் போட்டது. விலை குறைந்த பல மாடல்களில் பின்பக்க போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவருக்கு அதில் பாதி வேகம்கூட முழுசாக வராது. இதைப் பட்டியலின் முதல் வரியிலேயே போட வேண்டும்.

அப்புறம் சேமிப்பு. "128 ஜிபி வரை" என்று மட்டும் போட்டால் கார்டும் கூடவே வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். எனவே: "கார்டு தனியாக வாங்க வேண்டும். 128 ஜிபி கார்டில் 24 மணி நேரப் பதிவு 5 நாளுக்கு மேல் நிற்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும்." அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்றால் நாள்கள் கூடும். ஆனால் தெருவைப் பார்த்த கேமராவுக்கு இந்தச் சலுகையை எழுதாதீர்கள். அங்கே அசைவு ஓயாது.

அமைப்பதில் "3 நிமிடத்தில் ரெடி" என்பது பெட்டியின் வாசகம். வீட்டு வைஃபை கேமராக்கள் பலவற்றுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கேமராக்கள் இணையாமல் அடம்பிடிக்கும். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் இருந்தாலும் பல கேமராக்கள் சேராது. 2.4க்குத் தனிப் பெயர் வைத்து, டபிள்யூபிஏ2வைத் தேர்ந்தெடுக்கும் வழியை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் போதும். ரவுட்டர் பட்டியலிலும் ஒரு வரி வேண்டும்: ஃபைபர் கேபிளை இதில் நேரடியாகச் செருக முடியாது, இணைய நிறுவனம் தந்த பெட்டியிலிருந்து லேன் கேபிள் இழுக்க வேண்டும். (ஃபைபர் போர்ட் உள்ள மாடல் என்றால் அதையும் எழுதுங்கள்.)

போனைப் பொறுத்தவரை "ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆதரவு" பயன்படாத வரி. செயலிக்குக் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் பக்கங்களில் பார்த்து எழுதுங்கள்.

பெட்டி வழி வெல்லும் இடம் ஒன்று உண்டு. கேமரா பொருத்தும் தொழிலாளியும் மாடல் எண் போட்டுத் தேடுபவரும் லென்ஸ், எச்.265 வீடியோ சுருக்கம், போர்ட் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான் தேடுகிறார்கள். அவர்களுக்காக அட்டவணையைக் கீழே வையுங்கள், மேலே வீட்டுக் கணக்கு இருக்கட்டும். ரவுட்டர் அட்டவணையில் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள ஹார்டுவேர் வெர்ஷனும் இருக்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் வரும் V1, V2 ஆகியவற்றின் உள்ளே வேறு வேறு சிப் இருக்கலாம், ஒன்றின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம்.