ப்ராம்ப்டரா, துண்டுச் சீட்டா?

கும்பகோணத்தில் மாமாவின் பித்தளைப் பாத்திரக் கடைக்கு ஒன்றரை நிமிட வீடியோ எடுக்கப் போனேன். கல்லாவில் உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், செல்போனை ஸ்டாண்டில் மாட்டியதும் வாயே திறக்கவில்லை. மனப்பாடம், எழுதியதைத் திரையில் ஓடவிடுகிற ப்ராம்ப்டர், துண்டுச் சீட்டு என மூன்று வழிகளையும் அவரிடமே முயன்று பார்த்தேன்.

மனப்பாடம் தேறவில்லை. ஒரு வார்த்தை நழுவினால் மறுபடி முதலிலிருந்து. நாலாவது தடவையில் சட்டை நனைந்துவிட்டது.

ப்ராம்ப்டர் ஆப்பில் விழி இடமும் வலமும் ஓடியது. அதற்கு வைத்தியம் உண்டு: போனை ஆறேழு அடி தள்ளி வைத்து, வரியைக் குறுக்கி, லென்ஸை ஒட்டியே எழுத்தை ஓடவிட வேண்டும். குரலுக்குத்தான் வழியில்லை. "கிடைக்கும்" என்று எழுதினால் செய்தி வாசித்தார். "கெடைக்கும்" என்று எழுதினால் படிக்கவே தடுமாறினார்.

அப்புறம் துண்டுச் சீட்டு. காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு சீட்டுக்கு ஒரு சொல்: எடை, ஈயம், விலை என்று மொத்தம் ஆறு. ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து வினாடி வீடியோத் துண்டாகத் தனித்தனியே எடுத்தேன். கையில் ஒரு உருளியைக் கொடுத்ததும் விரல் நடுக்கம் நின்றது. லென்ஸுக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு, "மாமா, ஈயம் எதுக்குப் பூசணும்?" என்று கேட்டேன். என் குரலை வெட்டிவிடுவேன் என்பதால், "ஈயம் எதுக்குன்னா" என்று தொடங்கச் சொல்லியிருந்தேன். "ஈயம் எதுக்குன்னா, புளி பட்டா பித்தளையில களிம்பு ஏறும். உள்ளே ஈயம் இருந்தாத்தான் சாம்பார் வைக்கலாம்" என்றார். கடையில் பேசுகிற அதே குரல்.

ஒட்டுகிற இடத்தில் தலை துள்ளாமல் இருக்க, ஒரு துண்டு இடுப்பளவு, அடுத்தது முகத்துக்குக் கிட்ட என மாற்றி மாற்றி எடுத்தேன். பேச்சுக்கு முன்னும் பின்னும் இரண்டு வினாடி மௌனம் விட்டால்தான் வெட்ட இடம் கிடைக்கும். தெருவில் பஸ் போனால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும்; பாதி ஹாரனோடு ஒட்டினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது விலைத் துண்டு. பித்தளை கிலோ கணக்கில் போகிற சரக்கு, விலை நிலையாக நிற்காது. ஒரே மூச்சில் எடுத்த வீடியோவில் விலை மாறினால் மொத்தமும் வீண். இதில் விலைக்கு மட்டும் மாமாவின் முகம் வராமல், தராசையும் கையையும் கிட்டத்தில் காட்டி மேலே குரலை வைத்தேன். மூன்று மாதம் கழித்து விலை ஏறியபோது, சட்டை வேறு, வெளிச்சம் வேறு, ஆனாலும் பன்னிரண்டு வினாடியைப் புதிதாக எடுத்துச் செருகினேன், ஒட்டு தெரியவில்லை.

நேரம் என்னவோ அதிகம்தான். எடுக்க ஒரு மணி, வெட்டி ஒட்ட இரண்டு மணி. மாதச் சீட்டு, தவணை மாதிரி நிபந்தனைகளை வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டிய கடை என்றால் ப்ராம்ப்டரே சரியாக இருக்கலாம். நான் பார்த்தது இந்த ஒரு மாமாவைத்தான்.