சொல் இல்லாமல் வந்த ஜாதகப் படம்: சதுரக் கட்டமா, வைரக் கட்டமா?

ஜாதகத் தாளைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கூட ஒரு வார்த்தை இருக்காது. யாருடையது, எப்போது பிறந்தவர், என்ன தெரிய வேண்டும், எதுவும் இல்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம்மவர் வீட்டுத் தாள் சதுரக் கட்டமாக வரும். சம்பந்தம் பேசும் வீடு பஞ்சாபியோ குஜராத்தியோ என்றால் கோடுகள் குறுக்கே ஓடும் வைரக் கட்டம் வரும். செயலியிலிருந்து எடுத்த தாளென்றால், அமைப்பில் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அது வரும்.

பலன் சொல்வது என் வேலை இல்லை, இங்கே சொல்லவும் போவதில்லை. எழுத்தே இல்லாத படத்திலிருந்து எந்தக் கட்டம் எவ்வளவு தகவலைக் காப்பாற்றித் தருகிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் ஒன்றுதான். சதுரக் கட்டத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை, பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியான லக்னம்தான் மாறும். வைரக் கட்டத்தில் லக்னம் இடம் மாறுவதில்லை, ராசிகள்தான் மாறும். அதனால் சதுரத்தில் ராசியின் பெயரை யாரும் எழுதுவதில்லை. இடமே பெயரைச் சொல்லிவிடும். ஆனால் லக்னத்தைக் குறித்தே ஆகவேண்டும். 'ல' என்று எழுதுவார்கள், அல்லது கட்டத்தின் மூலையில் குறுக்கே கோடு போடுவார்கள். வைரத்தில் லக்னத்தைக் குறிக்கவே தேவையில்லை, மேலே நடுவில் இருக்கும் வைரம்தான் லக்னம். ராசியைக் காட்ட ஒவ்வொரு அறையிலும் ஓர் எண் போடுவார்கள்: 1 மேஷம், 2 ரிஷபம், இப்படியே 12 மீனம் வரை.

ஓர் உதாரணத்தை இரண்டிலும் போட்டுப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25-ஆம் தேதி வந்தது. அன்று இரவு ஒன்பதரை மணிக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். குழந்தை கற்பனைதான், கிரக நிலை உண்மையானது. சதுரக் கட்டத்தில் அது இப்படி வரும். ராசிப் பெயர்களை நம் வசதிக்காக எழுதியிருக்கிறேன், தாளில் அவை இருக்காது.

| மீனம்: ராகு | மேஷம்: குரு | ரிஷபம் | மிதுனம் |
|---|---|---|---|
| கும்பம்: சனி | | | கடகம்: சந்திரன் |
| மகரம்: சூரியன் | | | சிம்மம்: ல |
| தனுசு: செவ்வாய், புதன், சுக்கிரன் | விருச்சிகம் | துலாம் | கன்னி: கேது |

மேல் இடது மூலை மீனம். அதற்கு வலப்பக்கம் மேஷம். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையிலேயே போக வேண்டும். நடுவில் நான்கு கட்டம் சேர்ந்த வெற்றிடத்தில் 'ராசி' என்றோ 'நவாம்சம்' என்றோ எழுதுவார்கள், சிலர் பிள்ளையார் சுழி மட்டும் போடுவார்கள்.

இதில் தேதி எங்கும் இல்லை. ஆனாலும் எவ்வளவு தெரிகிறது பாருங்கள். சூரியன் மகரத்தில் இருந்தால் அது தை மாதம். மேஷத்தில் சூரியன் சித்திரை, ரிஷபத்தில் வைகாசி, அப்படியே வரிசை. சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே கடகத்தில் இருப்பதால் பௌர்ணமியை ஒட்டிய நாள். பூச நட்சத்திரம் முழுவதும் கடகத்துக்குள் அடங்குவது. ஆக, பினாங்குத் தண்ணீர்மலையில் காவடி ஏறும் நாளின் கட்டம் பார்த்ததுமே தைப்பூசத்தை நினைவுபடுத்தும். அதே நாள்தான் என்று உறுதியாகச் சொல்ல, சந்திரனின் பாகை வேண்டும்.

பிறந்த நேரமும் ஏறக்குறைய தெரியும். சூரியன் உதிக்கும்போது லக்னம் சூரியன் இருக்கும் கட்டத்தில்தான் இருக்கும். பிறகு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் நகரும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த இரண்டு மணிக் கணக்கு இங்கே அவ்வளவாகப் பிசகுவதில்லை. மகரத்திலிருந்து சிம்மம் ஏழு கட்டம் தள்ளி இருக்கிறது, அதாவது பதினான்கு மணி நேரம். ஜனவரி கடைசியில் பினாங்கில் சூரியன் உதிப்பது காலை ஏழரையை ஒட்டி. கூட்டினால் இரவு ஒன்பதரை. இந்தத் தாளில் கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது. பொதுவாக ஒரு மணி, ஒன்றரை மணி முன்பின் இருக்கலாம்.

இனி அதே குழந்தைக்கு வைரக் கட்டம். மேலே நடு வைரத்தில் 5 என்ற எண் இருக்கும், சிம்மம் ஐந்தாவது ராசி என்பதால். அங்கிருந்து இடப்பக்கமாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இறங்க வேண்டும். மேல் இடது முக்கோணத்தில் 6, அதில் கேது. அடுத்து 7. இடது நடு வைரத்தில் 8, காலி. அதற்குக் கீழே 9, செவ்வாய் புதன் சுக்கிரன் மூவரும் அங்கே. அடிப்பக்க இடது முக்கோணத்தில் 10, சூரியன். கீழ் நடு வைரத்தில் 11, சனி. அப்புறம் வலப்பக்கமாக ஏறினால் 12-இல் ராகு, 1-இல் குரு, 2-உம் 3-உம் காலி, மேல் வலது முக்கோணத்தில் 4, சந்திரன்.

நம்மவர்கள் இங்கே தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த எண்ணில்தான். மேலே 5 என்று பார்த்தவுடன் ஐந்தாம் வீடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ராசி எண், வீட்டு எண் இல்லை. வீட்டு எண்ணை யாரும் எழுதமாட்டார்கள், லக்னத்தை முதல் வீடாக வைத்து எண்ணிக்கொள்ள வேண்டும். சந்திரன் இருக்கும் அறையில் 4 என்று எழுதியிருந்தாலும் அது லக்னத்திலிருந்து பன்னிரண்டாம் வீடு. இன்னொரு குழப்பம், சதுரத்தில் பழகிய கண் வைரத்தின் மேல் இடது ஓரத்தை மீனம் என்று நினைத்துக் கடிகாரத் திசையில் எண்ணத் தொடங்குவது. அப்படி எண்ணினால் பெரும்பாலான கிரகங்கள் தம் ராசியில் நிற்காது.

படமாக வரும்போது எது தாங்கும்? என் கணிப்பில் சதுரம்தான். மங்கலாக இருக்கட்டும், மடிப்பில் மை அழிந்திருக்கட்டும், கிரகத்தின் முதல் இரண்டு எழுத்து தெரிந்தால் போதும், ராசி கெடாது. லக்னக் குறி அழிந்துபோனால் வீடுகளை எண்ண முடியாது என்பது ஒன்றுதான் இழப்பு. வைரத்தில் எண்கள் பொடிப்பொடியாக மூலையில் இருக்கும். 1-உம் 7-உம் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஏதாவது ஓர் எண் தெளிவாக இருந்தால் மீதி பதினொன்றையும் வரிசையாக நிரப்பிவிடலாம். ஓர் எண்ணும் படிக்க முடியவில்லை என்றால் எந்த ராசி என்றே தெரியாது, வீடுகள் மட்டும் மிஞ்சும். வீடுகளை மட்டும் எண்ண வேண்டியவர்களுக்கு வைரம் வசதி, அதை மறுக்கவில்லை. நடுவில் நான்கு வைரங்கள் 1, 4, 7, 10-ஆம் வீடுகளாகக் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. சதுரத்தில் அந்த நான்கையும் ஒவ்வொரு முறையும் விரல் வைத்து எண்ண வேண்டும்.

சதுரத்துக்கே உரிய ஆபத்து, படம் சாய்ந்து வருவது. கால்வட்டம் திரும்பினால் எல்லாக் கிரகமும் மூன்று மூன்று கட்டம் தள்ளிப்போகும். தை மாதப் பிள்ளை சித்திரைப் பிள்ளையாகிவிடும். எழுத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில போன்களில் கண்ணாடிப் பிம்பமாகவும் வரும், எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் அது புரியும்.

தாளில் இரண்டு கட்டம் இருந்து, நடுவில் எழுத்தும் இல்லாவிட்டால் எது ராசி, எது நவாம்சம்? இதற்குப் புதனைக் கேட்க வேண்டும். வானத்தில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஒரு கட்டம் 30 பாகை. அதனால் ராசிக் கட்டத்தில் புதன் சூரியனோடு இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த கட்டத்திலோ முந்திய கட்டத்திலோ இருக்கும். சுக்கிரன் இரண்டு கட்டத்துக்கு மேல் போகாது. நவாம்சத்தில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஏனென்றால் அது ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துக் கிரகங்களை மறுபடி அடுக்குவது. நம் உதாரணத்தில் திருக்கணிதப்படி சூரியன் மகரத்தின் நான்காம் பங்கில் இருப்பதால் நவாம்சத்தில் மேஷத்துக்குப் போகும். சந்திரன் கடகத்தின் மூன்றாம் பங்கு, அது கன்னிக்குப் போகும். எதிரெதிராக நின்றவர்கள் இப்போது அப்படி இல்லை. புதனும் சூரியனை விட்டு வெகுதூரம் போய்விடும்.

ராகு கேதுவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கட்டத்திலும் அவை நேர் எதிரேதான் நிற்கும். எதிரே நிற்காவிட்டால் எழுதியவர் தவறவிட்டார் அல்லது நீங்கள் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தீர்கள். 'கே' என்று நினைத்தது 'செ'யாகவும் இருக்கலாம்.

கடைசியாக, இரண்டு தாள் ஒப்பிடுபவர்கள் இந்த நாட்டில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். அப்பா காலத்துக் கையெழுத்துத் தாளும் இப்போது செயலி தந்த தாளும் எல்லாக் கிரகத்திலும் ஒத்துப்போகும், செயலித் தாளில் லக்னம் மட்டும் ஒரு கட்டம் பின்னே இருக்கும். கட்ட வகையைச் சந்தேகப்பட வேண்டாம், பிறந்த ஆண்டைக் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டு, உலக நேரத்தைவிட எட்டு மணி கூடுதலானது. அதற்கு முன்பு ஏழரை மணிதான். 1975-இல் பிறந்தவருக்குச் செயலியில் யாராவது கையால் எட்டு என்று போட்டிருந்தால் கணக்கு அரை மணி முந்திய வானத்தைப் பிடிக்கும். அரை மணியில் லக்னம் ஏழு பாகைக்கு மேல் பின்வாங்கும். கட்டத்தின் தொடக்கத்தில் இருந்த லக்னம் அதனால் முந்திய கட்டத்துக்குப் போய்விடும். சந்திரன் கால் பாகைதான் நகரும், அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். செயலியில் ஊரைத் தேர்ந்தெடுத்தபோது நேர மண்டலம் என்ன காட்டியது என்று கேட்டு, 7.30 என்று மாற்றி ஒரு முறை போடச் சொல்லுங்கள்.