"விடிந்தால் ஞாயிறு": ஐந்து ஆண்டுகளாக 24 மணி நேரக் கணக்கில் ஓர் அட்டவணை

இணையவழித் தமிழ் வகுப்பு ஒன்றுக்கு வாராவாரம் நேர அட்டவணை போட்டு அனுப்புவது என் வேலை. ஆசிரியர்கள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் டொரொன்டோ, லண்டன், சிங்கப்பூர் என்று மூன்று திசைகளில். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அட்டவணையிலிருந்து ஏஎம், பிஎம் இரண்டையும் தூக்கிவிட்டு, 24 மணி நேரக் கணக்குக்கு மாறினேன். நல்ல முடிவுதான். ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் ஒரு தொல்லை தீர்ந்தது. எதிர்பாராத இடத்தில் இன்னொன்று முளைத்தது.

மாறியதற்குக் காரணம் ஒரு பெற்றோர் கூட்டம். ஜூன் மாதம், இந்திய நேரம் சனிக்கிழமை இரவு 9:30. அந்த நேரத்தில் லண்டனில் மாலை 5 மணி, டொரொன்டோவில் நண்பகல் 12, சிங்கப்பூரில் நள்ளிரவு 12. தலைப்பில் "சனிக்கிழமை" என்று போட்டு, கீழே டொரொன்டோவுக்கு 12:00 பிஎம், சிங்கப்பூருக்கு 12:00 ஏஎம் என்று எழுதினேன். டொரொன்டோவில் ஓர் அம்மா 12 பிஎம் என்றால் நடு இரவு என்று நினைத்துக்கொண்டு, கூட்டம் நடந்த நேரத்தில் கடைக்குப் போயிருந்தார். சிங்கப்பூர்க் குடும்பத்தின் கதை அதைவிட மோசம். "சனி 12:00 ஏஎம்" என்பதை உள்ளபடியே படித்து, வெள்ளி இரவு கண் விழித்து, சரியாக 24 மணி நேரம் முன்னதாக இணைப்பைத் திறந்து காத்திருந்தார்கள். தவறு அவர்களுடையதல்ல. அங்கே ஞாயிறு பிறந்துவிட்டிருக்கும் என்பதை எழுதாமல் விட்டவன் நான்.

ஏஎம் என்றால் நண்பகலுக்கு முன், பிஎம் என்றால் நண்பகலுக்குப் பின். அப்படியானால் நண்பகலே எந்தக் கணக்கில் சேரும்? முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வழக்கத்தில் பிஎம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 11 ஏஎம், அடுத்து 12 பிஎம், அடுத்து 1 பிஎம் என்று எண்ணும் எழுத்தும் வெவ்வேறு இடங்களில் மாறும்போது குழப்பம் வராமல் என்ன செய்யும்? நம் பஞ்சாங்கக்காரர்கள் சூரிய உதயத்திலிருந்து அறுபது நாழிகையை ஒரே ஓட்டமாக எண்ணியவர்கள். பாதியில் நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவில்லை.

புதிய முறையில் டொரொன்டோவுக்கு 12:00, சிங்கப்பூருக்கு 00:00. நண்பகல் குழப்பம் அன்றோடு ஒழிந்தது; இந்த ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூட 12:00ஐத் தவறாகப் படிக்கவில்லை. கழித்தல் கூட்டலும் எளிதாயிற்று. கோடையில் டொரொன்டோ நமக்கு 9 மணி 30 நிமிடம் பின்தங்கியது. இங்கே சனி 05:00 மணிக்கு வகுப்பு என்றால், 5-இல் 9:30ஐக் கழிக்க முடியாது. 24ஐக் கூட்டி 29:00 ஆக்கிக் கழித்தால் 19:30. 24ஐக் கடன் வாங்கியதால் கிழமையும் ஒன்று பின்னால் போகிறது, ஆகவே வெள்ளி 19:30. கடன் வாங்கினேனா இல்லையா என்பதே கிழமையைச் சொல்லிவிடுகிறது.

இதை விரிதாளில் போட்டபோது ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நேரத்தை மட்டும் ஒரு கட்டத்தில் வைத்து இப்படி எழுதியிருந்தேன்:

```
=MOD(A2-TIME(9,30,0),1)
```

19:30 சரியாக வந்தது, கிழமை வரவில்லை. `MOD` அந்தக் கடனைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. இப்போது தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் சேர்த்து வைத்து, வெறுமனே கழித்து, காட்டும் வடிவத்தை `ddd dd-mmm hh:mm` என்று வைத்திருக்கிறேன். கிழமை தானாகவே மாறிக்கொள்கிறது.

முன்னால் வரும் பூஜ்யத்தை ஒருநாளும் விடக்கூடாது என்பதும் பட்டுத் தெரிந்துகொண்டது. அட்டவணையில் தனியாக "7:30" என்று இருந்தால், எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று படிப்பவருக்குத் தெரியாது. "07:30" என்று இருந்தால் சந்தேகமே இல்லை, அது காலைதான்.

ஆசிரியர்கள் விரைவில் பழகிவிட்டார்கள். ரயில் டிக்கெட்டில் 21:30 என்று பார்த்தே வளர்ந்தவர்கள். சிக்கல் கனடாப் பெற்றோரிடம்தான். அவர்கள் 17:00ஐ ஏழு மணி என்று படித்தார்கள். பன்னிரண்டைக் கழிப்பதற்குப் பதில், கடைசி இலக்கத்தை மட்டும் கண் பிடித்துக்கொள்கிறது. 18:00 எட்டு, 19:00 ஒன்பது என்று இதே தவறு தொடரும். இரண்டு மணி நேரம் தாமதமாக ஒருவர் வந்தால், காரணம் இதுதான் என்று இப்போது கேட்காமலே தெரிகிறது. அதனால் அவர்களுக்குப் போகும் பிரதியில் மட்டும் "17:00, மாலை 5" என்று இரண்டையும் எழுதுகிறேன். அழகில்லை, ஆனால் யாரும் தாமதமாக வருவதில்லை.

எதிர்பாராத தொல்லை என்றேனே, அது நள்ளிரவு. "ஞாயிறு 00:00" என்று எழுதினால் எல்லாம் தெளிவு என்று நம்பியிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு தாத்தா போன் செய்து, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதானே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நமக்கு நாள் என்பது விடியலில் தொடங்குவது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆனாலும் அது சனி ராத்திரிதான். கோழி கூவினால்தான் ஞாயிறு. 00:10க்குப் புறப்படும் ரயிலுக்கு அந்தத் தேதியின் இரவில் பெட்டியோடு போய் நிற்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வாழ்கிறவர்கள்தான். 24 மணி நேரக் கடிகாரம் மணியைத் திருத்தும். கிழமையைப் பற்றிய மனக்கணக்கைத் தொடாது.

இதற்கு நான் கண்ட வழி இரண்டு. முதலாவது, முடிந்தால் நேரத்தையே நகர்த்துவது. அந்தப் பெற்றோர் கூட்டத்தை இப்போது இந்திய நேரம் 21:15க்கு வைக்கிறோம். கோடையில் டொரொன்டோவில் 11:45, லண்டனில் 16:45, சிங்கப்பூரில் 23:45. நான்கு ஊரிலும் சனிக்கிழமை. கால் மணி நேரம் முன்னால் போனதில் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவது, நகர்த்த முடியாதபோது நம் பாட்டிகள் சொல்லும் சொல்லையே கடன் வாங்குவது: "சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 00:30". இப்படி எழுதத் தொடங்கிய பிறகு தாத்தாவிடமிருந்து போன் வரவில்லை.

இந்த முறையால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று டொரொன்டோ கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இந்தியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளி ஐந்து மணியிலிருந்து நான்காகச் சுருங்கிவிடும். அந்த வாரங்களுக்குப் பழைய அட்டவணையைப் பிரதி எடுக்காமல் ஒவ்வொரு வரியையும் புதிதாகக் கணக்கிடுகிறேன். போன மார்ச்சில் ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டேன். டொரொன்டோப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஒருவருக்கொருவர் விடுகதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.