மீன் விலைப் பக்கமும் புயல் கூண்டும்: மண்டபத்திலிருந்து இரண்டாண்டு அனுபவம்

மண்டபத்தில் மீன் வணிகம் செய்யும் என் மாமாவுக்காக நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் அமைத்த ரியாக்ட் தளத்தை இரண்டு ஆண்டுகளாக நானே பராமரித்து வருகிறேன். அதில் நான்கு வகைப் பக்கங்கள் உள்ளன: மீன் வகைகளைப் பற்றிய விளக்கங்கள், அன்றன்றைய விலைப் பட்டியல், பாம்பன் துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டின் நிலவரம், வியாபாரிகள் உள்நுழைந்து பார்க்கும் கணக்கு. எந்தப் பக்கத்தை முன்கூட்டியே உருவாக்கி வைப்பது, எதை ஒவ்வொரு முறையும் சர்வரில் உருவாக்குவது என்பதை நான் முதலில் தவறாகவே முடிவு செய்தேன்.

மீன் விளக்கங்களில் எந்தக் குழப்பமும் இல்லை. நண்டும் கணவாயும் வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை என்பதால், அவை பில்ட் செய்யும்போதே உருவாகி அப்படியே இருக்கின்றன. கணக்குப் பக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அதைச் சர்வரில்தான் உருவாக்க வேண்டும். சிக்கல் விலைப் பக்கத்தில் இருந்தது.

விலை நாளுக்குச் சில முறை மட்டுமே மாறுகிறது. அதற்காக ஒவ்வொரு வருகைக்கும் தரவுத்தளத்தைத் தொடுவது வீண் என்று எண்ணி, `export const revalidate = 300` என்று எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் அதிகாலையில் ஒரு வியாபாரி, "தம்பி, உங்க பக்கத்துல நேத்து விலைதான் நிக்குது" என்று அலைபேசியில் சொன்னார். நான் திறந்து பார்த்தபோது புதிய விலை சரியாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நான் இரண்டாவது ஆள், அவ்வளவுதான்.

அந்த 300 என்பது கடிகாரம் அல்ல. அவ்வளவு விநாடிகள் கடந்த பிறகு யாராவது வந்தால், அவருக்குப் பழைய பக்கத்தைக் கொடுத்துவிட்டு, பின்னணியில் புதியதை உருவாக்கும். அடுத்து வருபவருக்கே புதியது கிடைக்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு யாரும் வராத தளத்தில், காலை ஐந்து மணிக்கு வரும் முதல் வியாபாரி ஏழு மணி நேரப் பழைய பக்கத்தைப் பார்க்கிறார். பார்வையாளர் குறைந்த தளத்தில்தான் இது கூர்மையாகத் தெரியும். உறுதிப்படுத்த, `next dev` பயன்படாது. அது ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவதால் இந்தக் குறையை மறைத்துவிடும். பில்ட் செய்து `next start` மூலம் ஓட்டி, பதிலின் தலைப்பில் `x-nextjs-cache: STALE` என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கால அளவை நீக்கிவிட்டு, மாமா விலையைப் பதிவு செய்யும் இடத்திலேயே பழைய பக்கத்தைச் செல்லாததாக்கினேன்:

```ts
await saveRates(form)
revalidatePath('/vilai')
```

பதிவுக்குப் பின் வரும் முதல் ஆள் சற்றுக் காத்திருந்தாலும் புதிய விலையையே பார்க்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால், பல வகைகளின் விலை பதியப்படுவதே இல்லை. அப்போது பக்கமும் காரணமின்றி உருவாக்கப்படுவதில்லை.

இதே முறையைப் புயல் கூண்டுப் பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம்; ஓராண்டு நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். முன்கூட்டியே உருவாக்கிய பக்கத்தைப் புதுப்பிக்கும்போது தரவுத்தளம் பதில் தராவிட்டால், கடைசியாகச் சரியாக உருவான பக்கமே தொடர்ந்து காட்டப்படும். விலைக்கு அது நன்மை. ஆனால் கூண்டு ஏற்றப்பட்ட பிறகும் "எச்சரிக்கை இல்லை" என்ற பழைய வரி அமைதியாக நிற்பதைவிட, பிழைச் செய்தி வருவதே மேல் என்பது என் முடிவு. ஆகவே ஒவ்வொரு வருகைக்கும் சர்வரில் புதிதாக உருவாகும்படி, அதில் `export const dynamic = 'force-dynamic'` என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறேன். தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்கும் பக்கத்தை, வேறு குறிப்பு இல்லாவிட்டால், பில்ட் நேரத்திலேயே நெக்ஸ்ட் ஜேஎஸ் உறைய வைத்துவிடும் என்பதால் அந்த ஒரு வரி அவசியம். கூடவே, தகவல் பதியப்பட்ட நேரத்தையும் பக்கத்தில் அச்சிடுகிறேன்; பக்கம் உருவான நேரத்தை அச்சிட்டால் பழைய தகவலும் புதியதுபோலத் தோன்றும்.

சென்ற ஆண்டு இன்னொரு தவறும் செய்தேன். உள்நுழைந்தவரின் பெயரை எல்லாப் பக்கங்களின் மேலும் காட்ட விரும்பி, பொதுவான `layout.tsx` கோப்பில் `cookies()` என்று எழுதினேன். அந்த ஒரு அழைப்பால் மீன் விளக்கங்கள் உட்பட எல்லாப் பக்கங்களும் சர்வரில் உருவாகத் தொடங்கின. எதுவும் உடையாததால் பல நாள்கள் கவனிக்கவில்லை. பில்ட் முடிவில் வரும் பட்டியலில், முன்கூட்டியே உருவான பக்கத்தைக் குறிக்கும் `○` இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம், சர்வரில் உருவாகும் பக்கத்தைக் குறிக்கும் `ƒ` இருந்ததைக் கண்ட பிறகே புரிந்தது. இப்போது பெயரை உலாவியில் ஓடும் சிறிய கூறு ஒன்று தனியாகக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டே தளத்தை ஏற்றுகிறேன்.