சவுதியா, துபாயா: ராஜினாமா செய்தால் கையில் எவ்வளவு?

இரண்டு இடத்திலும் மொத்தச் சம்பளம் 2,000, அதில் அடிப்படை 1,200. நான்கு வருடம் முடித்து நீங்களாகவே வேலையை விடுகிறீர்கள் என்று வைப்போம்.

சவுதியில் முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. படிகளும் சேர்வதால் 4,000 ரியால் வரவேண்டும். ஆனால் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்குதான்: சுமார் 1,333. ஒப்பந்தக் காலம் முடிந்து கிளம்பினால் முழுத்தொகை. கடிதம் கொடுக்கும் முன் ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள்!

துபாயில் ஆண்டுக்கு 21 நாள், அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். 840 வீதம் நான்கு வருடத்துக்கு 3,360 திர்ஹாம். 2022 முதல் ராஜினாமாவுக்குப் பிடித்தம் இல்லை. அதனால்தான் அடிப்படையைக் குறைத்து, படியை ஏற்றிக் காட்டும் ஒப்பந்தம் இங்கே ஆபத்து.

வெளியேற துபாயில் முதலாளி அனுமதி வேண்டாம். சவுதியில் 2021 முதல் அரசின் அப்ஷர் செயலியில் நாமே விண்ணப்பிக்கலாம். வீட்டு வேலைக்காரர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

பணம் தராவிட்டால்? துபாயில் 50,000 திர்ஹாம் வரையிலான வழக்கைத் தொழிலாளர் அமைச்சகமே தீர்க்கும். சவுதியில் முதலில் சமரசம், அப்புறம் தொழிலாளர் நீதிமன்றம். சவுதியில் வேலை முடிந்து 12 மாதத்துக்குள் வழக்குக்குப் போக வேண்டும்.