அனுப்புவதற்கு முன் மறைகுத்தலைக் கண்டுபிடிக்க எந்த வழி உதவும்?

சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் நேரடியாகக் கோபப்படுபவர்கள் குறைவு. பணிவான சொற்களுக்குள் கோபத்தை மடித்து வைப்பவர்களே அதிகம். இந்த மறைகுத்தலை எழுதியவரே கண்டுபிடிக்கப் பரிந்துரைக்கப்படும் வழிகளை ஒரே வரைவின் மீது வைத்துப் பார்ப்போம்.

"வணக்கம் சார், ஏற்கெனவே திங்கட்கிழமை அனுப்பிய மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்தபடி, ஜூன் மாதக் கையிருப்புப் பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது புரிகிறது. இருந்தாலும் இன்றாவது அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்."

முதல் வழி, ஆபத்தான சொற்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு தேடுவது. 'ஏற்கெனவே', 'குறிப்பிட்டிருந்தபடி' போன்றவை இதில் உடனே சிக்கும். ஆனால் மேலே உள்ள வரைவில் மிகக் கூர்மையான முள் 'இன்றாவது' என்பதில் இருக்கிறது; நேற்றும் முந்தாநாளும் அனுப்பவில்லை என்ற குற்றச்சாட்டை அந்த ஒரு விகுதியே சுமக்கிறது. தேடல் பெட்டியில் 'ஆவது' என்று தட்டினால் அது அகப்படாது. ஏனெனில் அங்கே இருப்பது உயிரெழுத்து அன்று, றகரத்தோடு சேர்ந்த துணைக்கால். துணைக்காலோடு தேடினாலோ 'இரண்டாவது', 'அதாவது' எல்லாம் வந்து குவியும். தமிழில் குத்தல் பெரும்பாலும் தனிச்சொல்லில் இல்லாமல் 'தான்', 'ஆவது', 'சொன்னேனே' என்பதன் ஏகாரம் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு வருவதால், இவ்வழியை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இரண்டாவது, வரைவை ஓர் இரவு ஆறப்போடுவது. கொதிப்பில் எழுதியதற்கு இது நல்ல மருந்து. ஆனால் பட்டியல் இன்றே வேண்டும் என்றால் இதற்கு இடமில்லை. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறக் கிடைக்கும் அவகாசமோ அதிகபட்சம் 30 விநாடிகள், பெயர் மாறிப் போனதைத் திருத்தத்தான் போதும்.

மூன்றாவது, உரக்க வாசிப்பது. எல்லோரும் சொல்லும் இந்த யோசனையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாம் கிண்டலாக எழுதினோமா உண்மையாக எழுதினோமா என்பதை மின்னஞ்சலைப் பெறுபவர் ஏறத்தாழ 78 சதவீத முறை சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் அது 56 சதவீதமாகத்தான் இருந்தது. எழுதும்போது மனத்தில் ஒலித்த குரலே வாசிக்கும்போதும் ஒலிப்பதால், நம் வரி நமக்கு இதமாகவே கேட்கும். அதே ஆய்வில், தாம் எண்ணிய தொனிக்கு மாறான தொனியில் உரக்க வாசித்தவர்களிடம் இந்த மிகை நம்பிக்கை குறைந்தது. ஆகவே வாசிப்பதானால், எரிச்சலில் இருக்கும் ஒருவர் பேசுவதைப்போல வாசிக்க வேண்டும். 'வேலைப்பளு அதிகம் என்பது புரிகிறது' என்பதை அப்படி வாசித்துப் பாருங்கள். அந்தக் குரலுக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிடும். 'பட்டியல் 4 மணிக்குள் தேவை' என்பது எந்தக் குரலில் வாசித்தாலும் பட்டியலைப் பற்றியதாகவே நிற்கும்.

நான்காவதும் என் தேர்வும், அடித்துப் பார்ப்பது. ஒவ்வொரு சொல்லையும் நீக்கிவிட்டு, வேலையை முடிக்க அவருக்குத் தேவையான தகவல் ஏதேனும் குறைகிறதா என்று கேட்க வேண்டும். 'ஏற்கெனவே' போனால் எதுவும் குறையாது, 'இன்னும்' போனாலும் அப்படியே. வேலைப்பளு வாக்கியத்தை அடுத்து வரும் 'இருந்தாலும்' ரத்து செய்துவிடுவதால் இரண்டும் சேர்ந்தே போகலாம். 'இன்றாவது' போகும் இடத்தில் மட்டும் ஒரு தகவல் வேண்டியிருக்கிறது: எத்தனை மணிக்குள்? எதற்காக? இவை இரண்டும் முதல் வரைவில் இல்லவே இல்லை. குறை சொல்லும் அவசரத்தில் கேட்க வேண்டியதே விடுபட்டிருக்கிறது.

"வணக்கம் சார். ஜூன் மாதக் கையிருப்புப் பட்டியல் இன்று மாலை 4 மணிக்குள் தேவைப்படுகிறது. 5 மணிக்குக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். படிவம் திங்கட்கிழமை மின்னஞ்சலில் இணைக்கப்பட்டுள்ளது. நன்றி."

திங்கட்கிழமை மின்னஞ்சல் இங்கும் வருகிறது. ஆனால் இப்போது அது படிவம் இருக்கும் இடத்தைச் சொல்கிறது, யார் தவறு என்று சொல்வதில்லை. இந்தச் சோதனையை வணக்கம், 'சார்', நன்றி ஆகியவற்றின் மீது நடத்தக் கூடாது. அவையும் தகவல் அல்ல என்று வெட்டிவிட்டால், குத்தல் போய் அதட்டல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான்கு வழிகளுக்குமே பிடிபடாத ஒன்று உண்டு. வரைவின் வாசகத்தில் அது இருப்பதில்லை, சிசி வரிசையில் இருக்கிறது. முதல் மின்னஞ்சலில் இல்லாத மேலாளரின் பெயர் நினைவூட்டலில் மட்டும் சேர்ந்திருந்தால், உள்ளே எவ்வளவு சுத்தமான வாசகம் இருந்தாலும் பெறுபவர் அதைப் புகாராகத்தான் படிப்பார். மேலாளருக்கு அந்தப் பட்டியலில் செய்ய வேண்டிய வேலை ஏதும் இல்லையென்றால் அந்தப் பெயரையும் அடித்துவிடலாம்.