சிறிய டிபன் கடையில் சராசரி பில்லை உயர்த்தியது எப்படி: இரண்டு ஆண்டு அனுபவம்

திருச்சியில் முப்பது பேர் உட்காரக்கூடிய சைவ டிபன் கடை எங்களுடையது. வாடகையும் ஆள் சம்பளமும் ஏறிக்கொண்டே போகும்போது, வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட இடம் இல்லாத கடைக்கு ஒரு வழிதான் மிச்சம்: ஒவ்வொருவரும் சாப்பிடும் தொகையைச் சற்று உயர்த்துவது. காம்போ, விலைப்பலகை மாற்றம், சப்ளையர்கள் கேட்டுப் பரிமாறுவது ஆகிய மூன்றையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறோம். மூன்றும் பலன் தந்தன. ஆனால் சராசரி பில் ஏறுவதும் கல்லாவில் பணம் மிஞ்சுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காம்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் இரண்டு இட்லி 30 ரூபாய், மெதுவடை 15, காபி 25. மூன்றும் தனித்தனியாக வாங்கினால் 70. இதை 65 ரூபாய் செட்டாகப் போடுவதுதான் ஊர் வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். செட் நன்றாகவே விற்றது. யார் வாங்கினார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். முன்பு இட்லியும் வடையும் மட்டும் சாப்பிட்டு 45 ரூபாய் கொடுத்தவர் செட்டுக்கு மாறினால் 20 ரூபாய் கூடுதலாக வருகிறது. பால், தூள், சர்க்கரை, எரிவாயு எல்லாம் சேர்ந்து காபிக்கு 11 ரூபாய் போக 9 ரூபாய் மிஞ்சும். ஆனால் முன்பே மூன்றையும் வாங்கி 70 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர் செட்டுக்கு மாறினால் 5 ரூபாய் நஷ்டம். பதினான்கு செட் விற்று, அதில் ஐந்து பேர் முதல் வகை, ஒன்பது பேர் இரண்டாம் வகை என்றால் வரவு 45, இழப்பு 45. லாபத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. விற்பனையோ 55 ரூபாய் ஏறியிருக்கும். சராசரி பில் அழகாக உயர்ந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பில் இயந்திரத்தில் பொருள்வாரி விற்பனை கிடைக்கும். செட்டில் போன காபியையும் தனியாகப் போன காபியையும் கூட்டி, உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். நூறு பேருக்கு எத்தனை காபி என்ற அந்த எண் அசையவில்லை என்றால், பழைய காபிக்காரர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பார்சலை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஒரு குடும்பத்துக்குப் போகும் 400 ரூபாய் பார்சல் பில் நான்கு வந்தால் அன்றைய சராசரி எங்கேயோ போய்விடும்.

செட்டை நிறுத்திவிட்டு மினி டிபன் கொண்டுவந்தோம். பொங்கல், மெதுவடை, காபி, கூடவே சிறு கிண்ணத்தில் கேசரி, 100 ரூபாய். முதல் மூன்றும் தனித்தனியாக 90 ரூபாய். சிறு கிண்ணக் கேசரியை நாங்கள் தனியாக விற்பதே இல்லை. அதற்கு ஆகும் செலவு 5 ரூபாய். முன்பு 90 ரூபாய்க்குச் சாப்பிட்டவர் இதற்கு மாறினாலும் எங்களுக்கு 5 ரூபாய் கூடுகிறது. பொங்கலும் வடையும் மட்டும் சாப்பிட்டு 65 கொடுத்தவர் மாறினால், காபிக்கும் கேசரிக்கும் 16 போக 19 ரூபாய். இந்த இரண்டு வகையில் யார் மாறினாலும் கடைக்கு இழப்பில்லை, வாடிக்கையாளருக்கும் இலையில் ஒன்று கூடுதலாக விழுகிறது. விலையைக் குறைக்காமல், தனியாகக் கிடைக்காத ஒன்றைச் சேர்ப்பதுதான் காம்போ என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மினி டிபனில் தோசை இல்லாததற்குக் காரணம் உண்டு. காலை எட்டரை மணிக்கு எங்கள் கடையில் இட்லிக்கும் பொங்கலுக்கும் காத்திருப்பு கிடையாது, தோசைக்கல்லுக்குத்தான் வரிசை. காம்போவில் தோசையைச் சேர்த்தால், அது எவ்வளவு விற்கிறதோ அவ்வளவுக்குக் கல் திணறும், மற்ற மேசைகளும் காத்திருக்கும்.

விலைப்பலகையில் செய்த மாற்றம் சிறியது. வழக்கமாக வருகிறவர்கள் பலகையைப் பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர் மேல் வரிகளைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். அதனால் மினி டிபனை முதல் வரியில் வைத்தோம். இட்லிக்கு நேர் கீழே நெய்ப்பொடி இட்லியை எழுதினோம். இரண்டு இட்லி 30, நெய்ப்பொடி இட்லி 50. நெய்க்கும் பொடிக்கும் 8 ரூபாய் போனாலும் 12 மிஞ்சும், கல்லுக்கு வேலையும் இல்லை. வாரத்துக்கு நாலைந்து மட்டும் போகும் ஊத்தப்ப வகைகளைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டோம். கேட்டால் போட்டுத் தருகிறோம்.

அதிகப் பலன் தந்தது சப்ளையர்களின் பேச்சுதான், அதிகக் கவனம் கேட்பதும் அதுதான். “வேறு என்ன வேண்டும்?” என்று கேட்டால் நம் ஊரில் வரும் பதில் “போதும்”. எங்கள் மூத்த சப்ளையர் கேட்கும் விதமே வேறு. இட்லியை வைத்துவிட்டு, சாம்பார் ஊற்றும்போதே, “அண்ணா, வடை இப்போதுதான் ஈடு இறங்கியது. சாம்பாரில் போடட்டுமா, தனியாக வைக்கட்டுமா?” என்பார். ஒரே முறைதான் கேட்பார். வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லை. காபியை, டிபன் பாதி முடியும்போது கேட்கச் சொல்லியிருக்கிறேன். கை கழுவி எழுந்தவர் மறுபடி உட்கார மாட்டார்.

அந்தப் பேச்சு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சரக்கு மாஸ்டரின் வேலையையே மாற்றினோம். ஏழு மணிக்கே மொத்த வடையையும் சுட்டு வைக்காமல், முக்கால் மணிக்கு ஒருமுறை சிறு ஈடாகப் போடுகிறார். ஆறிய வடையை “இப்போதுதான் இறங்கியது” என்று வைத்தால், அடுத்த முறை அந்த மேசையில் எதைச் சொன்னாலும் எடுபடாது. கேட்காமலே வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, தொட்டால் பில் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது அடியோடு பிடிக்காது.

ஊக்கத்தொகையை ஆளுக்கு இத்தனை என்று கொடுப்பதில்லை. அப்படிக் கொடுத்தால் வற்புறுத்தல் வந்துவிடும். பெரியவர்களும் தனியாக வருகிறவர்களும்தான் முதலில் சங்கடப்படுவார்கள். நூறு பேருக்கு 40 காபி என்ற அளவைத் தாண்டிப் போவதற்கு, சமையலறை உட்பட அந்த நேரத்து ஆட்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறோம். இப்போது 55 அளவில் நிற்கிறது.

ஞாயிறு காலையில் மட்டும் காபியைக் கேட்பதில்லை. வாசலில் ஆட்கள் நிற்கும்போது, நாற்காலிதான் விலை உயர்ந்த சரக்கு. எங்கள் கடையில் ஒருவர் சுமார் இருபது நிமிடம் இருந்து, பொருட்செலவு போக 40 ரூபாய் விட்டுச் செல்கிறார். நிமிடத்துக்கு 2 ரூபாய். காபிக்காக இன்னும் எட்டு நிமிடம் உட்கார்ந்தால் கிடைப்பது 14 ரூபாய், நிமிடத்துக்கு 1.75. காத்திருப்பவருக்கு இடம் விடுவதே மேல். அந்த நேரத்தில் உட்காரும் நேரத்தைக் கூட்டாத வடையையும் நெய்ப்பொடி இட்லியையும் மட்டும் கேட்கிறோம். காபி வேண்டுபவர்களுக்கு, காபி மாஸ்டர் பக்கத்தில் நின்றபடி குடிக்க ஒரு பலகை அடித்திருக்கிறோம்.

மாலை நேரத்தில் இவை எதுவும் பெரிதாக எடுபடவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் மூவராக வந்து இரண்டு தோசையைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்; கையில் இருப்பது அவ்வளவுதான். அவர்களிடம் எதையும் கேட்க வேண்டாம் என்று சப்ளையர்களிடம் சொல்லிவிட்டேன். மாலை பில் இரண்டு ஆண்டுக்கு முன் இருந்த அளவிலேயே இருக்கிறது.